பழைய கம்பெனி நண்பரிடம் ரெஃபரல் கேட்பது, அவருக்குத் தர்மசங்கடம் வராமல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில நாலு வருஷமா க்யூ.சி. லேப்ல இருக்கேன். என்கூட வேலை பார்த்த அண்ணன் ஒருத்தர் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பாண்டிச்சேரியில மாத்திரை தயாரிக்கிற கம்பெனிக்குப் போயிட்டார். இப்ப அங்க ஆள் எடுக்கறாங்க. ரெஃபரல் கேட்டா சங்கடப்படுவாரோ?

என்ன கேட்கிறீர்கள் என்பது தெளிவாக இருந்தால் பெரும்பாலும் சங்கடப்பட மாட்டார். "அண்ணா, உங்க கம்பெனியில எனக்கு ஏதாவது பாத்து விடுங்க" என்று ஒரு மெசேஜ் வந்தால்தான் மனுஷனுக்கு வயிற்றைக் கலக்கும். வேலை வாங்கித் தரச் சொல்கிறாரா, மேனேஜரிடம் பேசச் சொல்கிறாரா, வெறும் தகவல் கேட்கிறாரா என்று அவருக்குப் புரியாது. புரியாதபோது பெரியதாகத்தான் எடுத்துக்கொள்வார், பதில் போடாமல் தள்ளிவைப்பார்.

ரெஃபரல் என்று நாம் சொல்வதற்குள் மூன்று தனித்தனி உதவிகள் இருக்கின்றன. முதலாவது தகவல்: அந்த போஸ்ட் நிஜமாகவே காலியா, எந்த செக்‌ஷனுக்கு, ரெஸ்யூமே எந்த மெயிலுக்கு அனுப்ப வேண்டும். இதற்கு அவருக்கு இரண்டு நிமிடம் போதும், பொறுப்பு எதுவும் இல்லை. இரண்டாவது, கம்பெனியின் ரெஃபரல் போர்ட்டலில் உங்கள் பெயரைப் பதிவது அல்லது எச்.ஆருக்கு உங்கள் ரெஸ்யூமேயை அனுப்பி வைப்பது. இதில் அவருடைய எம்ப்ளாயி நம்பர் உங்கள் பெயரோடு சேர்ந்து பதிவாகிறது, சின்னப் பொறுப்பு உண்டு. மூன்றாவது, "இவரை எனக்குத் தெரியும், நல்ல வேலைக்காரர்" என்று க்யூ.சி. மேனேஜரிடம் வாய்விட்டுச் சொல்வது. அங்கே அவருடைய பெயரே பணயம்.

இரண்டாவதை மட்டும் கேளுங்கள். அது முடியாவிட்டால் முதலாவது போதும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மூன்றாவதைக் கேட்கவே கேட்காதீர்கள். உங்கள் வேலை மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தால் அதை அவராகவே செய்வார். இல்லாமல் போய், நீங்களும் கேட்டுவிட்டால், பொய் சொல்வதா, முகத்துக்கு நேராக மறுப்பதா என்று அவர் திண்டாட வேண்டியிருக்கும்.

ரெஃபர் பண்ணினா அவர் பக்கம் என்ன நடக்கும்? அவருக்கு எவ்வளவு வேலை?

கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். போர்ட்டல் இருக்கும் இடங்களில் பொதுவாக இப்படித்தான்: அவர் தன் எம்ப்ளாயி லாகினில் போய், எந்த போஸ்ட்டோ அதன் ஜாப் ஐ.டி.யைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பெயர், மெயில், மொபைல் எண் போட்டு, ரெஸ்யூமேயை ஏற்றுவார். உங்களை எப்படித் தெரியும், எத்தனை நாள் பழக்கம், சொந்தக்காரரா என்று இரண்டு மூன்று கேள்விகள் வரும். முடித்ததும் பல கம்பெனிகளில் உங்கள் மெயிலுக்கு ஒரு லிங்க் வரும். அதில் போய் மீதி விவரத்தை நீங்கள் நிரப்பினால்தான் விண்ணப்பம் முழுமையாகும்.

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். அந்த மெயில் ஸ்பேமில் கிடக்கும், இவர் "அண்ணன் இன்னும் போடல போல" என்று நினைத்துக்கொண்டு மறுபடி கேட்பார். அவரோ போட்டுவிட்டு மறந்தே போயிருப்பார். கேட்பதற்கு முன்பு ஸ்பேம், ப்ரோமோஷன்ஸ் இரண்டையும் பாருங்கள். அந்த லிங்க்கை நாள் கடத்தாமல் நிரப்பிவிடுங்கள், குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு அது வேலை செய்யாமல் போகலாம்.

போர்ட்டல் இல்லாத சின்ன யூனிட்களில், சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் அப்படிப் பல உண்டு, எச்.ஆரிடம் ரெஸ்யூமேயைப் பிரிண்ட்டாகவோ வாட்ஸ்அப்பிலோ கொடுப்பதுதான் ரெஃபரல். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் முகம் தெரிந்தவர்கள். கொடுக்கும்போதே "யாரு, உங்க ஆளா?" என்று கேள்வி வந்துவிடும். அதனால் சின்ன கம்பெனியில் இரண்டாவது உதவிக்கும் மூன்றாவதற்கும் இடையில் தூரம் குறைவு. அவர் தயங்கினால் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நல்லாத்தானே வேலை பார்த்தேன், அப்புறம் ஏன் அவர் தயங்கணும்?

உங்களுக்குத் தெரியாத காரணங்கள் பல இருக்கலாம். அவர் விட்டுப் போன கம்பெனியிலேயே நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள். சில கம்பெனிகளின் வேலை ஒப்பந்தத்தில், விலகிய பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு இங்கிருந்து ஆட்களை இழுக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். அதில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஏற்கெனவே அவர் ரெஃபர் பண்ணின ஒருவர் சேர்ந்து இரண்டே மாதத்தில் ஓடிப்போயிருக்கலாம். அவரே அங்கிருந்து கிளம்பும் யோசனையில் இருக்கலாம். மேனேஜரோடு அவருக்குச் சரியில்லாமல் இருந்தால், அவர் பெயரில் போகும் ரெஸ்யூமே உங்களுக்கே பாதகமாகவும் முடியலாம். இதில் எதையும் அவர் உங்களிடம் சொல்ல முடியாது.

மருந்துக் கம்பெனி லேப்பில் இன்னொன்றும் உண்டு. எச்.பி.எல்.சி. கருவியில் சாம்பிளை ஒரு ஊசி போட்டு, ரிசல்ட் சரியில்லை என்று காரணம் எழுதாமல் மறு ஊசி போட்டாலே யார் எப்போது என்ன செய்தார் என்று சாஃப்ட்வேர் தானாகக் குறித்துவைக்கும் ஆடிட் ட்ரெயிலில் தெரிந்துவிடும். ஒருவர் பாஸ்வேர்டில் இன்னொருவர் வேலை பார்ப்பதும் அப்படித்தான். ஆடிட்டில் இப்படி ஒன்று அகப்பட்டால் முழு லேப்புக்கும் தலைவலி. கெமிக்கல் கம்பெனி லேப்பில் இந்தக் கெடுபிடி சில இடங்களில் குறைவாக இருக்கும். அங்கே பழகினவரை இங்கே கொண்டுவந்தால் ஒத்துவருவாரா என்று அவர் யோசிப்பது உங்கள் நேர்மை மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வேலையின் தன்மை அப்படி.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, காரணம் சொல்லாமலே அவர் விலகிக்கொள்ள வழி வைப்பது. அதை மெசேஜிலேயே எழுதிவிடலாம்.

சரி, மெசேஜ் எப்படி எழுதறது? அப்படியே சொல்லுங்க.

இந்தக் கேள்வியில் உள்ள நிலைமைக்கே எழுதிப் பார்ப்போம். கடைசித் தேதி 20 என்றும், நீங்கள் அனுப்புவது 11-ம் தேதி என்றும் வைத்துக்கொள்வோம்.

> அண்ணா வணக்கம். நல்லா இருக்கீங்களா? சிப்காட் க்யூ.சி. லேப்ல உங்ககூட இருந்தேன், (உங்கள் பெயர்). உங்க கம்பெனி வெப்சைட்ல க்யூ.சி. கெமிஸ்ட் போஸ்ட் போட்டிருக்காங்க, ஜாப் ஐ.டி. (எண்). 20-ம் தேதி கடைசி.
>
> எனக்கு எச்.பி.எல்.சி. நாலு வருஷம், ஜி.சி. ரெண்டு வருஷம் கைப்பழக்கம் இருக்கு. டிசல்யூஷன் பண்ணதில்லை.
>
> உங்க ரெஃபரல் போர்ட்டல்ல என் பேரைப் போட முடியுமான்னு கேக்கத்தான் எழுதறேன். மேனேஜர்கிட்ட எதுவும் பேச வேண்டாம். உங்களுக்குத் தோதுப்படலன்னா பரவாயில்லண்ணா, காரணம் சொல்ல வேண்டியதே இல்லை. 16-ம் தேதி வரைக்கும் பாத்துட்டு நானே நேரா அப்ளை பண்ணிடுவேன்.
>
> சரின்னா சொல்லுங்க, ரெஸ்யூமேயும் மத்த விவரமும் ஒரே மெசேஜ்ல அனுப்பறேன். நான் வேற இடம் பாக்கறது இங்க யாருக்கும் தெரியாது, உங்களோட இருக்கட்டும்.

இந்த மெசேஜின் உயிர்நாடி அந்த 16-ம் தேதி. அது அவருக்கு வைத்த கெடு மாதிரி தெரியலாம். உண்மையில் அது உங்களுக்கு நீங்களே வைத்துக்கொண்ட கெடு. அவர் பதிலே போடாவிட்டாலும் 16-ம் தேதி விஷயம் தானாக முடிந்துவிடும். "முடியாது" என்று யாரையும் தட்டச்சு செய்ய வைக்காமல், சும்மா இருப்பதையே ஒரு பதிலாக அவருக்குக் கொடுக்கிறீர்கள். கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்பாக அதை வைத்தால், நேராக விண்ணப்பிக்க உங்களுக்கும் அவகாசம் இருக்கும். "சீக்கிரம் சொல்லுங்கண்ணா", "உங்களைத்தான் நம்பியிருக்கேன்", "நீங்க நினைச்சா முடியும்" மாதிரி வரிகள் இதற்கு நேரெதிர் வேலை செய்யும். குறிப்பாகக் கடைசி வரி புகழ்ச்சி மாதிரி இருந்தாலும், வேலை கிடைக்காமல் போனால் அவர் மனசு வைக்கவில்லை என்று பழி போட இப்போதே இடம் ஒதுக்குகிறது.

டிசல்யூஷன் தெரியாது என்று எழுதியிருப்பதைப் பார்த்து, நம்மைப் பற்றி நாமே குறைத்துச் சொல்வதா என்று கேட்பவர்கள் உண்டு. மாத்திரை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரைகிறது என்று பார்க்கும் டிசல்யூஷன், மாத்திரை கம்பெனியில் அன்றாட வேலை. கெமிக்கல் லேப்பிலிருந்து வருபவருக்கு அது தெரியாது என்பதை இன்டர்வியூவில் முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இப்போதே சொன்னால் அது தடையா இல்லையா என்று அவரால் சொல்ல முடியும். பிறகு தெரிந்தால் "இது கூடத் தெரியாதவரையா அனுப்பினே" என்ற கேள்வி அவர் தலையில் விழும்.

ரெஸ்யூமேயை முதல் மெசேஜோடு சேர்த்து அனுப்பாதீர்கள். அவர் சரி என்று சொல்லும் முன்பே ஃபைல் வந்து நின்றால், வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மறுப்பது இன்னும் கஷ்டம்.

மெசேஜ் எதுக்கு, போன்லயே பேசிட்டா நல்லதில்லையா? இல்ல நேர்ல பார்த்துக் கேட்டா மரியாதையா இருக்குமே.

மரியாதைதான், ஆனால் அந்த மரியாதையே அவர் வாயைக் கட்டிவிடும். போனில் கேட்டால் அந்த நொடியே பதில் சொல்ல வேண்டும். நேரில் கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் யாரும் அப்படி மறுக்க மாட்டார்கள், சரி என்பார்கள். அந்த "சரி"யால் உங்களுக்கும் பயனில்லை, பத்து நாள் காத்திருந்து கடைசித் தேதியைத் தவற விடுவதுதான் மிச்சம்.

அவர் இருக்கும் இடமும் முக்கியம். கடலூரிலிருந்து பாண்டிக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலர் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். மாலையில் நீங்கள் போன் போடும்போது அவர் தவளக்குப்பம் தாண்டி வந்துகொண்டிருப்பார், பக்கத்து சீட்டில் அவருடைய எச்.ஆர். ஆளோ லேப் ஆளோ உட்கார்ந்திருப்பார். அவரால் என்ன பேச முடியும்? கல்யாண மண்டபப் பந்தியும், கோயில் வாசலும், தேவனாம்பட்டினம் பீச்சில் குடும்பத்தோடு இருக்கும் நேரமும் இதற்கு ஆகாத இடங்கள். தற்செயலாகப் பார்த்தால் சுகம் விசாரித்துவிட்டு வந்துவிடுங்கள், மெசேஜை மறுநாள் போடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, அவர் எந்த ஷிப்ட் என்று தெரிந்தால் அதைப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடித்து காலையில் தூங்கப் போகிறவருக்கு எட்டரை மணிக்கு மெசேஜ் போட்டால் தூக்கக் கலக்கத்தில் பார்த்துவிட்டு மறந்துவிடுவார். ஷிப்ட் தெரியாவிட்டால் ஞாயிறு முற்பகல் அனுப்பலாம்.

சரி என்று சொன்ன பிறகு அவரே "கூப்பிடுப்பா, பேசலாம்" என்றால் தாராளமாகப் பேசுங்கள். லேப்பின் நிலவரம் பற்றிய நல்ல தகவல் அப்போதுதான் வரும்.

ரெண்டு வருஷமா ஒரு மெசேஜ்கூட போடலை. திடீர்னு வேலைக்குன்னு போய் நின்னா தப்பா நினைக்க மாட்டாரா?

கொஞ்சம் நினைக்கலாம். அதற்காக மூன்று நாள் "எப்படிண்ணா இருக்கீங்க, பசங்க நல்லா இருக்காங்களா" என்று பேச்சை வளர்த்து நாலாவது நாள் விஷயத்துக்கு வந்தால் அதைவிடத் தப்பாக நினைப்பார். முதல் மூன்று நாள் விசாரிப்பும் இதற்காகத்தானா என்று ஆகிவிடும். ஒரு வரி நலம் விசாரிப்பு, "ரொம்ப நாள் ஆச்சு, பேசாம விட்டுட்டேன்" என்று ஒரு வரி, அதே மெசேஜில் விஷயம். அவ்வளவே போதும்.

கூப்பிடும் முறையை மாற்றாதீர்கள். லேப்பில் "அண்ணா" என்றவரை இப்போது "சார்" ஆக்கினாலும், "வாடா போடா" என்று பழகிய சம வயதுக்காரரை "நீங்க" என்றாலும், காரியத்துக்காக வந்திருக்கிறான் என்று உடனே தெரிந்துவிடும்.

நான் ஏற்கெனவே வெப்சைட்ல அப்ளை பண்ணிட்டேன். இப்ப ரெஃபரல் கேட்கலாமா?

பல போர்ட்டல்களில் ஒரே மெயில் ஐ.டி.யோ மொபைல் எண்ணோ முன்பே பதிவாகியிருந்தால், பிறகு வரும் ரெஃபரலை ஏற்காது. சில மாதங்கள் போன பிறகுதான் புதிதாக எடுத்துக்கொள்ளும். எனவே நடைமுறையில் ரெஃபரல் முதலில், நேர் விண்ணப்பம் பிறகு. அதனால்தான் 16-ம் தேதி வரை காத்திருக்கச் சொன்னோம்.

போட்டுவிட்டீர்கள் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். வேறு மெயில் ஐ.டி. கொடுத்து உள்ளே நுழைக்கும் யோசனை வேண்டாம், பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போய் அகப்பட்டால் அவர்தான் எச்.ஆருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். இந்த நிலையில் முதல் வகை உதவியை மட்டும் கேளுங்கள்: "அப்ளை பண்ணிட்டேண்ணா. அந்த போஸ்ட் இன்னும் ஓப்பன்ல இருக்கான்னு தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க."

சரின்னு சொல்லிட்டார். என்னென்ன அனுப்பணும்?

போர்ட்டலில் அவர் நிரப்ப வேண்டிய ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய விவரம், தனித்தனி வரியாக, ஒரே மெசேஜில். காப்பி பண்ணி ஒட்டினால் முடிந்துவிட வேண்டும். ஜாப் ஐ.டி., ஆதாரில் உள்ளபடி பெயர், மெயில், மொபைல், படிப்பும் முடித்த வருடமும், மொத்த அனுபவம், இப்போதைய சம்பளம், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், அவரோடு எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை ஒரே லேப்பில் இருந்தீர்கள். இந்தக் கடைசி விவரத்தை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். போர்ட்டல் கேட்கும்போது அவருக்கு ஞாபகம் வராமல், மறுபடி உங்களைக் கேட்க நேரும். ரெஸ்யூமே இரண்டு பக்கத்துக்குள், பி.டி.எஃப். ஆக, ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் போஸ்ட்டும் இருக்கட்டும். "resume final new 2.pdf" என்று வந்தால் அவர் போனில் பத்து ஃபைலுக்கு நடுவே தேட வேண்டும். ஆதார், பான், சம்பளச் சீட்டு எதையும் அவருக்கு அனுப்ப வேண்டாம். அவை எச்.ஆர். கேட்டால் எச்.ஆருக்கு.

அனுப்புவதற்கு முன் பி.எஃப். கணக்கை ஒருமுறை பாருங்கள். வேலைக்கு எடுக்கும்போது பின்னணி சரிபார்க்கிறவர்கள், யு.ஏ.என். எண்ணில் உள்ள சேர்ந்த தேதி, விலகிய தேதியை ரெஸ்யூமேயோடு ஒப்பிடுவது வழக்கம். முந்தைய கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், இரண்டு கம்பெனியில் ஒரே நேரத்தில் இருந்த மாதிரி தெரியும். விலகி இரண்டு மாதம் கழித்து நீங்களே இ.பி.எஃப்.ஓ. உறுப்பினர் தளத்தில் Manage பகுதியில் Mark Exit என்று இருப்பதில் அதைப் பதியலாம். ரெஸ்யூமேயில் நடுவில் சும்மா இருந்த ஆறு மாதத்தை அனுபவத்தோடு சேர்த்து நீட்டியிருந்தால் அதையும் இப்போதே திருத்துங்கள். ஆஃபர் கையில் வந்த பிறகு சரிபார்ப்பில் விழுந்தால், உங்கள் வேலை போவதோடு ரெஃபர் பண்ணினவர் பெயரும் கெடும்.

ப்ளூ டிக் வந்து நாலு நாள் ஆச்சு. பதிலே இல்லை.

மெசேஜில் சொன்ன தேதி வரை ஒன்றும் செய்யாதீர்கள். கேள்விக்குறி மட்டும் அனுப்புவது, "பாத்தீங்களாண்ணா", ஸ்டேட்டஸுக்கு ஹார்ட் போட்டு ஞாபகப்படுத்துவது எல்லாம் நெருக்குதல்தான். தேதி வந்ததும் நேராக விண்ணப்பித்துவிட்டு ஒரே ஒரு மெசேஜ்: "அண்ணா, நான் நேரா அப்ளை பண்ணிட்டேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். நேரம் கிடைக்கும்போது பேசலாம்." இதற்குப் பிறகு இந்தப் பேச்சை நீங்கள் எடுக்கக் கூடாது. பலர் இந்த இரண்டாவது மெசேஜுக்குத்தான் பதில் போடுவார்கள், பாரம் இறங்கிவிட்டதல்லவா. அப்போது உள் நிலவரமும் சொல்வார்கள்.

"பாக்கறேன்டா"ன்னார். அதை எப்படி எடுத்துக்கறது?

அடுத்து அவர் என்ன கேட்டார் என்று பாருங்கள். ரெஸ்யூமே கேட்டாரா, ஜாப் ஐ.டி.யைச் சரிபார்த்தாரா, நோட்டீஸ் பீரியட் விசாரித்தாரா? இதில் ஒன்றாவது நடந்தால் செய்யப் போகிறார். எதுவுமே கேட்காமல் பேச்சு வேறு பக்கம் போனால் இல்லை என்று வைத்துக்கொண்டு உங்கள் தேதிப்படி நடங்கள். ரெஸ்யூமே வாங்கிக்கொண்டு, நீங்கள் சொன்ன தேதியும் வந்து, போர்ட்டல் மெயிலும் வரவில்லை என்றால் ஒருமுறை மட்டும் கேட்கலாம். அதையும் அவர் செய்தாரா என்று கேட்காமல், "எனக்கு மெயில் எதுவும் வரலண்ணா, ஸ்பேம்லயும் பாத்துட்டேன். வேலை அதிகமா இருந்தா விட்டுடுங்க, நானே போட்டுக்கறேன்" என்று கேளுங்கள்.

அவங்க அம்மாவும் எங்க அம்மாவும் திருப்பாப்புலியூர்ல ஒரே தெரு. அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லட்டுமா?

வேண்டாம். கடலூர் மாதிரி ஊரில் இது மிகச் சுலபம், மிக மோசமாக முடிவதும் இதுதான். அம்மா போய்ச் சொன்னதும் அது இரண்டு வீட்டு விஷயமாகிவிடும். அவர் அம்மா தினமும் "அந்தப் புள்ளைக்கு என்னாச்சு" என்று கேட்பார். கிடைக்கவில்லை என்றால் தெருவில் பேச்சு நின்றுபோகும். வீட்டில் யாரேனும் அவசரப்பட்டு முன்பே சொல்லிவிட்டிருந்தால் அதே நாள் அவருக்கு எழுதுங்கள்: "அம்மா உங்க வீட்ல பேசினாங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அதை மனசுல வெச்சுக்காதீங்க. உங்களுக்குத் தோதுப்பட்டா மட்டும் பாருங்க." பொதுவான நண்பரை விட்டுச் சொல்லச் சொல்வதும், பழைய லேப் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் பார்க்கக் கேட்பதும் இதே ரகம். குரூப்பில் கேட்டால் உங்கள் இப்போதைய மேனேஜர் காதுக்கு அன்று மாலையே போய்விடும்.

ரெஃபரல் போனஸ் அவருக்குக் கிடைக்குமாமே. அதைச் சொல்லிக் கேட்டா என்ன? இல்ல நான் ஏதாவது கொடுக்கணுமா?

போனஸ் சில கம்பெனிகளில் உண்டு. சேர்ந்தவர் குறிப்பிட்ட மாதங்கள் நிலைத்தால்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். அதை நீங்கள் எடுத்துப் பேசாதீர்கள், பணத்துக்காகச் செய்வதாகக் காட்டும். பணமோ பொருளோ கொடுப்பதாகச் சொன்னால் அவர் வேலைக்கே ஆபத்து. நடுவில் யாரேனும் "கம்பெனியில போட்டுத் தர்றேன்" என்று பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை.

பழைய மேனேஜர்கிட்டயே கேட்கலாமா?

கேட்கலாம், "சார்" என்றே எழுதலாம். ஆனால் அவர் ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தால் அது ரெஃபரல் ஆகாது, நேரடியாக வேலை கேட்பது. எனவே "விண்ணப்பிக்கலாமா, இந்த அனுபவம் பொருந்துமா" என்ற அளவோடு நிறுத்துங்கள்.

இன்டர்வியூ முடிஞ்சு ஆஃபரும் வந்துடுச்சு. ஆனா இங்கயே சம்பளம் ஏத்தித் தர்றேங்கறாங்க. அவர்கிட்ட என்ன சொல்றது?

முதலில், இதுவரை நடந்ததை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். இன்டர்வியூ தேதி வந்தபோது ஒரு வரி, முடிந்தபோது ஒரு வரி. என்ன ஆச்சு என்று உள்ளே விசாரிக்கச் சொல்லாமல், தகவலாக மட்டும். ரிஜெக்ட் ஆனாலும் அன்றே சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் வராந்தாவில் எச்.ஆரைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

ஆஃபரை மறுக்க முடிவு செய்தால், எச்.ஆருக்கு மெயில் போடுவதற்கு முன்பே அவருக்குப் போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம், இந்த ஒரு செய்தியைக் குரலில் சொல்வதுதான் முறை. "இங்க சம்பளம் ஏத்தறாங்க, இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். இன்னைக்கு சாயந்தரம் எச்.ஆருக்கு எழுதப் போறேன், அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு கூப்பிட்டேன்" என்றால் போதும். ஆஃபருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சேரும் நாளன்று போனை அணைத்துவிடுவது மட்டும் கூடாது. சேர வேண்டிய நாளில் ஆள் வரவில்லை என்றால் எச்.ஆர். முதலில் கூப்பிடுவது ரெஃபர் பண்ணினவரைத்தான், அந்த எண் அவர்களுடைய ஃபைலிலேயே இருக்கும்.